ரிலாக்ஸ்

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, வந்த வினை எங்கிருந்து வந்தது என்று காட்டுவதற்காகச் சொல்கிறேன். பலாங்கொடையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கச் சிங்களத்தில்தான் பேச்சு. "கிட்டப் பார்வையா, தூரப் பார்வையா, இந்த பிரேம் உங்கள் முகத்துக்கு எடுப்பாக இருக்கும்" என்று நான் பேசினால் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண் என்று ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு சொல்லில் கவிழ்ந்தேன். அதுவும் சிங்களச் சொல் இல்லை.

கண்ணாடிக் கடையில் வேலை என்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் தலைதான் தெரியும். என் முடி சுருட்டை. லேசாக வளைந்து அழகாக விழுகிற சுருட்டை இல்லை, சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டு, மழை பெய்தால் இரண்டு மடங்காகப் பொங்கி நிற்கிற சுருட்டை. எங்கள் பக்கத்தில் மழை பெய்யாத நாளைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இதே முடி இன்னொருத்திக்கும் இருந்தது. என் சின்னம்மா மகள். என்னைவிட இரண்டு வயது இளையவள். தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் வளர்ந்தோம். ஒருத்தி தலையை மற்றவள்தான் சீவுவாள், ஏனென்றால் வேறு யார் சீப்பை வைத்தாலும் எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஈரத்தோடு, நுனியிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும் என்பதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த வித்தை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பயம் வந்தால் என் பிடரிக்குக் கை போகும். அங்கே ஒரு சுருளைப் பிடித்து இழுத்து விடுவாள். அது திரும்பச் சுருண்டுகொள்ளும். "டொய்ங்" என்பாள். பரீட்சை மண்டபத்துக்குள் போகும் முன், பல் பிடுங்கப் போன அன்று, பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும் முன், எல்லாவற்றுக்கும் ஒரு டொய்ங். எனக்கு எரிச்சலாக இருக்கும், கையைத் தட்டி விடுவேன். ஆனாலும் தலையைத் தள்ளி வைத்ததில்லை.

அவளுக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளை எஹலியகொடைப் பக்கம், றப்பர் தோட்டத்தில் பிறந்து இப்போது டவுனில் வேலை செய்பவர். அவருடைய அக்கா அந்த டவுனிலேயே சலூன் வைத்திருக்கிறார். நல்ல மனுஷி. தம்பி பெண்டாட்டிக்குத் தன் கையாலேயே அலங்காரம் செய்ய வேண்டும் என்று ஆசை. ஆனால் அந்த ஆசையில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. பெண்ணின் முடியை நேராக்கிவிட வேண்டும், அப்போதுதான் ஜடை வைத்து, நெத்திச்சுட்டி வைத்து, படத்துக்கு எடுப்பாக இருக்கும்.

என் தங்கச்சி மாட்டேன் என்றுவிட்டாள். எதற்கும் வாய் திறக்காதவள் இதற்கு மட்டும் திறந்தாள். எனக்கு போன் போட்டுச் சொன்னாள்.

"அக்கா, நான் சலூன் மதினிகிட்ட சொல்லிப்புட்டேன். எங்க அக்கா டவுன்ல இதே முடியோடதான் வேலைக்குப் போறா, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. கல்யாணத்தன்னைக்கும் எங்க அக்கா சுருட்டையாத்தான் பக்கத்துல நிப்பா, நானும் அப்படியேதான் நிப்பேன்னேன். மதினி ஒண்ணும் பேசல. சரின்னுட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

"அப்படிச் சொல்லு," என்றேன் நானும். மனசாரத்தான் சொன்னேன்.

பிறகு நிச்சயதார்த்த வீடியோ வந்தது. போங்கள், அதைப் பார்த்திருக்கவே கூடாது. மோதிரம் மாற்றுகிற கட்டம். பெண்ணுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா. அம்மா என்று யூகிக்கத்தான் வேண்டும், என் தலை அவரை முழுசாக மறைத்துவிட்டது. அந்தம்மா சிரித்துக்கொண்டே, "அந்தப் புள்ள முடி என்னையத் தின்னுருச்சு," என்று சொன்னாராம். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். எனக்குச் சுருக்கென்றது. கடையில் எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் அந்த வீடியோதான் ஓடியது.

அப்போது என் புத்தி எப்படி வேலை செய்தது என்றால், சண்டை அவள் முடியைப் பற்றியது, என் முடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சூடான அயனை வைத்து ஒருநாள் நேராக இழுத்துக்கொண்டால் போதும். தலையில் தண்ணீர் பட்டால் பழையபடி சுருண்டுகொள்ளப் போகிறது. யாருக்கு என்ன நட்டம்?

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, கூட வேலை செய்கிற பெண் சொன்ன ஒரு சலூனுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து, என் அருமையான சிங்களத்தில், கல்யாணத்துக்குப் போகிறேன், முடியை நேராக்க வேண்டும் என்றேன். சலூன் அக்கா என் தலைக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஒரு முடியை இழுத்து விட்டார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நங்கி, ரிலாக்ஸ் கரன்னத?" என்று கேட்டார்.

தங்கச்சி, ரிலாக்ஸ் பண்ணட்டுமா?

காலையிலிருந்து நின்ற கால். தோள்பட்டை கல்லாக இருந்தது. அட, என்ன மரியாதை, வந்தவளைக் களைப்பாற்றிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்கள் போல, தலையைக் கொஞ்சம் பிடித்துவிடுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு, "ஓவ் ஓவ், ஹொந்தட்டம ரிலாக்ஸ் கரன்ன," என்றேன். ஆமாம் ஆமாம், நன்றாகவே ரிலாக்ஸ் பண்ணுங்கள் என்று அர்த்தம். சொல்லிவிட்டுச் சாய்ந்து கண்ணை வேறு மூடிக்கொண்டேன்.

தலையைக் கழுவினார், காய வைத்தார். ஹென்னா போட்டிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். சாயம், கருப்புத் தூள், எதுவுமே இல்லையா என்று இரண்டாம் தரமும் கேட்டார். இதற்கு ஏன் இவ்வளவு விசாரணை என்றேன். ஹென்னாத் தூளில், அதுவும் கருப்பு ஹென்னாவில், என்னென்னவோ கலந்து வரும், அது பட்ட தலையில் இந்த கிரீமைப் போட்டால் முடி கையோடு வந்துவிடும் என்றார். கிரீம் என்றதும், அயன் பிடிக்கும் முன் தடவுகிற ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

நெற்றி ஓரத்திலும் காதிலும் வேஸ்லின் தடவினார். கையுறை போட்டார். தலையை நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டு, பிடரியிலிருந்து ஆரம்பித்து, மெல்லிய மெல்லிய அடுக்காக எடுத்து, தலைத்தோலில் படாமல் ஒரு விரல் தள்ளி பிரஷ்ஷால் கிரீமைப் பூசிக்கொண்டே போனார். அழுகிய முட்டையும் கழிவறை மருந்தும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம், கண் எரிந்தது. இதில் என்ன ரிலாக்ஸ் வேண்டிக் கிடக்கிறது என்று நினைத்தேன். பூசி முடித்து, வால் சீப்பால் இழுக்காமல் மெதுவாக, நேராகப் படிய வைத்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் ஒரு முடியைத் துடைத்து, விரலில் சுற்றி விட்டுப் பார்ப்பார். முதலில் அது சுருண்டு ஓடியது. பிறகு மெல்லச் சுருண்டது. கடைசியில் விரலில் இருந்து விட்டதும் அப்படியே சோர்ந்துபோய்த் தொங்கியது. அப்போதுதான், போதும் என்று தண்ணீரில் அலசினார். அலசினார், அலசினார், முடிவே இல்லை.

காய வைத்து, ஒரு விரல் அகலத்துக்கு முடி எடுத்து எடுத்துச் சூடான அயனை இழுத்தார். ஆகா, இதற்குத்தானே வந்தோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். முடிந்ததும் எழுந்திருக்கப் போனேன். தோளைப் பிடித்து உட்கார வைத்து, இன்னொரு போத்தலை எடுத்தார்.

இது எதற்கு என்றேன்.

"மேக்கென் தமாய் லொக் வென்னே," என்றார். இதால்தான் லொக் ஆகும், பூட்டிக்கொள்ளும்.

லொக்கா? எது லொக்? தண்ணீர் பட்டால் போய்விடும்தானே என்று கேட்டேன். அவர் கை அப்படியே நின்றது. பிறகு சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு முடிக்குள்ளேயும் ஏணிப்படி மாதிரி இணைப்பு இருக்கிறது, அந்தப் படி எந்த இடத்தில் மாட்டியிருக்கிறதோ அதை வைத்துத்தான் முடி சுருளும். முதல் கிரீம் அந்தப் படிகளைக் கழற்றிவிடும். நேராகப் படிய வைத்த பிறகு, இரண்டாவது மருந்து அதே படிகளைப் புது இடத்தில் பூட்டிவிடும். இதற்குப் பெயர்தான் ரிலாக்ஸ். இந்த முடி இனி சுருளாது. வேரிலிருந்து புதிதாக வருவது மட்டும் உன் பழைய முடியாக வரும்.

"வேண்டாம், இதோடு நிறுத்திவிடுங்கள்" என்றேன். நிறுத்தினால் கழன்ற படிகள் கழன்றபடியே கிடக்கும், சீப்பு வைத்தாலே அறுந்து கொட்டும், அது பரவாயில்லையா என்று கேட்டார். நான் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் மருந்தை ஊற்றினார்.

எல்லாம் முடிந்து கண்ணாடியில் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. முடி இடுப்புவரை இறங்கிக் கறுப்புத் துணி மாதிரி வழிந்தது. எனக்கு இவ்வளவு நீளம் முடி இருக்கிறதென்று எனக்கே தெரியாது. சலூன் அக்கா வாசல்வரை வந்து புத்தி சொல்லி அனுப்பினார். மூன்று நாளைக்குத் தண்ணீர் படக் கூடாது, எண்ணெய் படக் கூடாது, கட்டக் கூடாது, கிளிப் குத்தக் கூடாது, காதுக்குப் பின்னால்கூட ஒதுக்கக் கூடாது. முடி இன்னும் மிருதுவாக இருக்கிறது, எங்கே மடிகிறதோ அந்த மடிப்பு அப்படியே நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கல்யாணத்துக்குப் போகிறவளிடம் சொல்கிற புத்தியா இது என்று அப்போது உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் குடையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஜன்னல் ஓட்டையில் தண்ணீர் வரும். பக்கத்து ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

சின்னம்மா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சின்னம்மா என்னைப் பார்த்து, "வாங்க, எந்த ஊரு?" என்றார். விளையாட்டு இல்லை, நிஜமாகவே கேட்டார். பிறகுதான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். உள்ளே என் தங்கச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளையின் அக்கா, பெரிய பையோடு முதல்நாளே வந்து இறங்கிவிட்டிருந்தார்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். முகத்தில் இருந்த வெளிச்சம் மட்டும் போய்விட்டது. அவளுக்கு என்ன நடந்திருக்கிறது என்று அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. தன் முடிக்காக அவள் வைத்திருந்த ஒரே சாட்சி நான். சாட்சி எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது.

மதினிக்கோ முகமெல்லாம் பூரிப்பு. எழுந்து வந்து என் முடியை விரலால் கோதினார். "அட, ரிலாக்ஸா! நல்லாச் செஞ்சிருக்காங்களே. நுனி பொசுங்கவே இல்ல." பிறகு திரும்பி, "பாத்தியா, ஒங்க அக்காவே ஒனக்காக எப்புடி வந்து நிக்கிறா. நீ மட்டும் அடம் புடிக்கிற," என்றார்.

"சரி மதினி," என்றாள் என் தங்கச்சி. "எனக்கும் அதையே போட்டுருங்க."

"ஏய்," என்றேன்.

"என்னா ஏய்? நீ மட்டும் அழகா நிக்கணும், நான் மட்டும் காக்காக்கூடாட்டம் நிக்கணுமா?" அவ்வளவுதான் சொன்னாள். அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

மதினி பையைத் திறந்து கிரீம் டப்பாவை எடுத்தார். தொழில் தெரிந்தவர், கேட்க வேண்டியதைக் கேட்டார். "தலைக்கு ஹென்னா, டை எதுவும் போட்டியா?"

"இல்ல மதினி," என்றாள்.

 போன ஞாயிற்றுக்கிழமை, லயத்துக்குப் பின்னால் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில், அவள் தலைக்குக் கருப்பு ஹென்னாப் பாக்கெட்டைக் குழைத்துப் பூசிவிட்டதே நான்தான். அவளுக்கு உச்சியில் நரை. சின்ன வயசிலேயே வந்துவிட்டது, கொஞ்சநஞ்சம் இல்லை, ஒரு பிடி. மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். கல்யாணத்துக்கு முதல்நாள், புருஷனுடைய அக்காவிடம், ஊர்ப் பெண்கள் நாலு பேர் சுற்றி நிற்கும்போது, "பொண்ணுக்கு நரை" என்று நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் இருந்தால் நாளைக்கு மணவறையில் உட்கார அவள் தலையில் முடி இருக்காது.

அவள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்கிற பார்வை. மதினி கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மதினி," என்றேன், "ஒரு நாலு முடிய வெட்டி, மொதல்ல அதுல போட்டுப் பாத்தா என்னா?"

அவர் கை நின்றது. "ஏன், எனக்குத் தொழில் தெரியாதா?"

"ஐயோ, அப்படி இல்லங்க. எனக்குப் போட்டவங்க அப்படித்தான் பாத்தாங்க." சுத்தப் பொய். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே முடி. எனக்கே கண்ணெல்லாம் எரிஞ்சிச்சு. நாளைக்குக் கல்யாணப் பொண்ணு, அதான் பயமா இருக்குங்க."

கொஞ்சம் முறைத்தார். ஆனால் செய்தார். செய்யாமல் விடுகிற ஆள் இல்லை அவர். பிடரிக்குக் கீழே, வெளியே தெரியாத இடத்தில் மெல்லிய ஒரு சுருளை வெட்டி, ஒரு முனையை நூலால் கட்டி, ஒரு பீங்கான் தட்டில் வைத்து கிரீமைப் பூசினார். நாங்கள் தேத்தண்ணி குடித்தோம்.  தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கோப்பையை வைத்துவிட்டு மதினி அந்த முடியை எடுத்துத் தண்ணீரில் அலசினார். இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். அது நீண்டது. ஊறிய சேமியா மாதிரி நீண்டுகொண்டே போய், சத்தமில்லாமல் அறுந்தது. இன்னும் கொஞ்சத்தை இழுத்தார், அதுவும் அறுந்தது. விரலைத் தேய்த்துப் பார்த்தார், முடி கூழாகிவிட்டிருந்தது. என் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மதினி நிமிர்ந்து, "அத்தே, கொஞ்சம் சுடுதண்ணி வைங்களேன். நீங்கள்லாம் கொஞ்சம் வெளிய இருங்கம்மா, பொண்ணு தலையில வேல இருக்கு," என்றார். எல்லோரும் போனார்கள். நானும் எழுந்தேன். "நீ இரு," என்றார். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கருப்பு ஹென்னாவா?" என்று கேட்டார்.

என் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மடியில் சொட்டியது. "நரை மதினி," என்றாள்.

மதினி கிட்ட வந்து உட்கார்ந்தார். தன் தலையைக் குனிந்து, நடுவகிட்டை இரண்டு கையாலும் பிளந்து காட்டினார். அடியில் வெள்ளை வெளேரென்று இருந்தது. "எனக்கு ஸ்கூல் போற வயசுலயே வந்துருச்சு. இதுக்காகத்தான் சலூன் வேலையே கத்துக்கிட்டேன்," என்றார். "ஒன் மாப்பிள்ளைக்கு மட்டும் என்னா? காதோரம் எத்தன இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்குன்னு நேத்துத்தான் சாயம் அடிச்சு விட்டுட்டு வாறேன். அவகிட்ட சொல்லாதக்கான்னு கெஞ்சினான். இப்ப நீயே சொல்லு, நான் யாரு ரகசியத்தன்னு காக்கிறது?"

என் தங்கச்சி அழுகையோடு சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அந்த அறையில் பயம் போய்விட்டது. மதினி டப்பாவை மூடிப் பைக்குள் போட்டார். அயனாவது பிடிப்பாரோ என்று பார்த்தேன். "இந்த மழையில அயன் புடிச்சா கோயில் படி ஏறுறதுக்குள்ள பொங்கிரும், பாதி நேரு பாதி சுருட்டையா நிக்கும். வேணாம். இருக்கிற முடியையே அழகா வச்சுவிடுறேன்," என்றார். வைத்தும் விட்டார். ஈரத்தோடு, நுனியிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக. அவருக்கும் அந்த வித்தை தெரிந்திருந்தது.

என் தங்கச்சியின் முடி தப்பித்தது. ஆனால் என்னோடு மட்டும் அவள் பேசவில்லை.

சாயங்காலம் நலங்கு. பெண்ணை வாழ்த்த வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் வேடிக்கை. முடியைக் கட்டக் கூடாதே. பெண்ணுக்குத் தோழியாக நிற்கிறவள், மங்கள காரியத்தில், இடுப்புவரை முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நின்றால் எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? "யாருடி அது, நல்ல நாளும் அதுவுமா தலைவிரி கோலமா நிக்கிறது?" என்று ஒரு பெரியம்மா ஆரம்பித்தார். "ஜடை போட்டுக்கடி, பேய் புடிச்ச மாதிரி," என்றார் இன்னொருவர். கட்டக் கூடாது, மருந்து போட்டிருக்கிறது என்றேன். "மருந்தா? தலையில என்னா புள்ள சீக்கு?" என்று மூன்றாமவர். பெண்ணுக்கு எண்ணெய் வைக்கிற கையோடு தோழிக்கும் ஒரு சொட்டு வைப்பது வழக்கம், கிண்ணத்தோடு என்னை நோக்கி வந்தவர்களைப் பார்த்து நான் மூலைக்கு மூலை ஓடினேன். போகிற வழியில் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தேன். மஞ்சள் பூசிய கன்னம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. சரி, முழுக் கோபம் இல்லை என்று தேற்றிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலையில் என் அம்மா சண்டைக்கு வந்துவிட்டார். கோயிலுக்குள் முடியை விரித்துக்கொண்டு வந்தால் நான் வரவே மாட்டேன் என்றார். மதினிதான் ஒரு மெல்லிய துணிப் பட்டையால் பின்னால் தளர்வாகக் கட்டிவிட்டார். அதில் பூச்சரத்தை வைத்தால் நிற்கவில்லை. என் பழைய தலையில் பூவைச் சும்மா சொருகினாலே போதும், அது பிடித்து வைத்துக்கொள்ளும், ஊசியே வேண்டாம். இதில் எத்தனை ஊசி குத்தினாலும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கடைசியில் பூவை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன்.

மேளச் சத்தம் கேட்டது. பெண்ணை அழைத்து வரச் சொல்லி ஐயர் ஆள் அனுப்பினார். கோயில் மண்டபத்தின் பக்கத்து அறையில் அவளும் நானும் மட்டும். சிவப்புக் கூறைச் சேலையில், நெற்றியில் சுட்டியோடு, சுருள் சுருளாக முடி முகத்தைச் சுற்றி நிற்க, அவள் அப்படி அழகாக இருந்தாள். கண்ணுபடப் போகிறது என்று நானே சொல்லிக்கொண்டேன். கதவு வழியாகக் கூட்டத்தை எட்டிப் பார்த்தாள். அவள் கை, முந்தின நாள் கோபத்தையெல்லாம் மறந்து, தானாக என் பிடரிக்குப் போனது.

ஒரு முடியைப் பிடித்து இழுத்தாள். விட்டாள். அது விட்ட இடத்திலேயே நேராகத் தொங்கியது. இன்னொன்றைப் பிடித்தாள். அது விரலுக்குள்ளிருந்து வழுக்கிப் போய்விட்டது. விரல்கள் கொஞ்ச நேரம் தேடின.

"ஒண்ணும் இல்லயே அக்கா," என்றாள்.

குறை சொல்லவில்லை அவள். இருட்டில் சுவிட்சைத் தேடிக் கிடைக்காத குழந்தை மாதிரித்தான் சொன்னாள்.  என்ன சனியனுக்கடி இதைச் செய்தாய் என்று என்னையே அறையலாம் போலிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குமேல் என்னிடம் கொடுக்க எதுவும் இல்லை. அப்படியே கையைப் பிடித்தபடிதான் மணவறைவரை கூட்டிக்கொண்டு போனேன். தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் அம்மா முழுசாகத் தெரிகிறார். பக்கத்தில் மூக்கு சிவந்து, கண்மை ஒழுகி, ஒருத்தி நிற்கிறாள். இது யாரு என்று இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முடியின் கதைதான். துணிப் பட்டை கட்டின இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது, சலூன் அக்கா சொன்னது போலவே. குளித்தாலும் போகவில்லை, சீவினாலும் போகவில்லை. வேரில் சுருட்டை கிளம்பியது. மேலே சுருள், கீழே நேர், இரண்டும் சேருகிற இடத்தில் சீப்பு பட்டாலே முடி அறுந்தது. மறுபடி ரிலாக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு அழுகிய முட்டை வாசம் அடித்தது. மதினிக்கு போன் போட்டுக் கேட்டேன். "தொடாத. வளர வளர நுனிய வெட்டிக்கிட்டே வா, வேற வழி இல்ல," என்றார். வெட்டிக்கொண்டே வந்தேன். இடுப்பிலிருந்து முதுகு, முதுகிலிருந்து தோள். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் கடைசி நேர்முடியையும் வெட்டிப் போட்டபோது காதளவில் ஒரு சின்னக் காடு மட்டும் மிஞ்சியது. கண்ணாடியில் பார்த்தேன். வந்துவிட்டாயா என்று கேட்கத் தோன்றியது.

தலைத் தீபாவளிக்கு அவளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "ரிலாக்ஸ் அக்கா வந்துட்டா," என்று சத்தம் போட்டாள். மதினி வைத்த பெயர், அந்த வீடு முழுக்க எனக்கு இப்போது அதுதான் பெயர். சாப்பிட்டு முடித்து, எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்த பிறகு, பீலிக்கரைக்குத் தட்டுக் கழுவ இரண்டு பேரும் போனோம். நான் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தேன்.  ஈரக் கை ஒன்று பிடரியில் பட்டது. ஜில்லென்றது. கையைத் தட்டி விடவில்லை, அசையாமல் இருந்தேன்.

விரல் தேடியது. கிடைத்தது. இழுத்தாள், விட்டாள்.

"இருக்கு," என்றாள். 

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தால் அழுதுவிடுவேன். "என்னாடி பயம் இப்ப?" என்று கேட்டேன். பயமில்லாமல் அவள் கை அங்கே வராது என்று எனக்குத் தெரியாதா?

"திங்கக்கிழமைல இருந்து மதினியோட சலூன்ல நானும் வேல செய்யப் போறேன் அக்கா. மதினி இல்லாத நேரம் நான்தான் பாத்துக்கணும். பயமா இருக்கு."

"பயப்படாத. வாறவங்ககிட்ட மொதல்ல ஹென்னா போட்டிருக்கீங்களான்னு கேளு."

"அது ரெண்டாவதுதான் கேப்பேன்."

"அப்ப மொதல்ல?"

"ரிலாக்ஸ்னா என்னான்னு தெரியுமான்னு கேப்பேன்," என்றாள்.

கையிலிருந்த தட்டுத் தண்ணீரை அவள் மேல் வீசினேன். தலையோடு நனைந்துவிட்டாள். அவளுடைய முடி பொங்கிக்கொண்டு நின்றது. அவள் சிரித்துக்கொண்டே கிட்ட வந்து, பயம் எதுவும் இல்லாமலே, இன்னும் ஒருதரம் இழுத்து விட்டாள்.